தீபாவளி போனஸ் நோட்டீஸ் எழுதுவது எப்படி: யாருக்கு, எதன் மேல், என்றைக்கு

கோவையில் ஒரு சின்னத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் நான் சேர்ந்த வருஷம், நோட்டீஸ் போர்டில் ஒட்டிய முதல் போனஸ் அறிவிப்பு இரண்டே வரிதான். "தகுதியுள்ள தொழிலாளர்கள் அனைவருக்கும் ஒரு மாதச் சம்பளம் தீபாவளி போனஸாக வழங்கப்படும். நிர்வாகம்." முதலாளி சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து ஒட்டினேன். மறுநாள் காலை டீ நேரத்தில் பத்துப் பேர் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். கையில் பதினெட்டாயிரம் வாங்குகிற லேத் ஆபரேட்டர் பதினெட்டாயிரம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். நாங்கள் பட்டியலில் போட்டிருந்தது அதைவிட ஆறாயிரம் குறைவு. எங்கள் கணக்கு சட்டப்படி சரி. ஆனால் அந்த நோட்டீஸைப் படித்த யாராலும் அந்தக் கணக்குக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.

அப்போதிருந்து நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: நோட்டீஸைப் படித்த தொழிலாளி, செல்போன் கால்குலேட்டரில் தன் தொகையைத் தானே போட்டுப் பார்க்க முடிய வேண்டும். முதல் தடவை இந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால், கீழே சொல்கிற வரிசையில் செய்யுங்கள். உதாரணத்துக்கு 34 பேர் வேலை பார்க்கும் ஒரு இன்ஜினியரிங் யூனிட்டையும், 2025 தீபாவளிக்குக் கொடுத்த 2024-25 கணக்கு ஆண்டின் போனஸையும் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கு 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்தின் கீழ் வருவது. அதன் பிறகு சட்டம் மாறியிருக்கிறது. என்ன மாறியது என்பதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

முதலில் ஆண்டைக் குறியுங்கள்

தீபாவளி போனஸ் என்று நாம் சொன்னாலும் சட்டத்தில் தீபாவளி கிடையாது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30க்குள், போனஸ் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் விதி. தீபாவளி எப்போதும் அதற்கு முன்னாலேயே வந்துவிடுவதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 2025 அக்டோபரில் கொடுப்பது 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கான போனஸ். மே மாதம் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இந்தத் தீபாவளிக்கு ஒன்றும் இல்லை, அடுத்த தீபாவளிக்கு உண்டு. அதே நேரம், 2024-25 முழுவதும் உழைத்துவிட்டு ஜூன் மாதம் கணக்கு முடித்துக்கொண்டு போனவருக்கு உண்டு. இந்த இரண்டாவது விஷயத்தைப் பல இடங்களில் சொல்வதே இல்லை. போனவர் வந்து கேட்டால் கொடுப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். நோட்டீஸின் முதல் வரியிலேயே "1-4-2024 முதல் 31-3-2025 வரையிலான கணக்கு ஆண்டுக்கான போனஸ்" என்று எழுதிவிட்டால் இரண்டு கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

யாருக்கு உண்டு

கணக்கு ஆண்டில் ஏதோ ஒரு நாளாவது 20 பேர் வேலையில் இருந்திருந்தால் அந்த இடத்துக்குச் சட்டம் பொருந்தும். நம் யூனிட்டில் 34 பேர் என்பதால் அதில் சந்தேகமில்லை. தனிநபருக்கு இரண்டு நிபந்தனைகள். அந்த ஆண்டில் குறைந்தது 30 வேலை நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

இரண்டாவதில்தான் தவறு நடக்கும். அந்த 21,000 கையில் வாங்கும் மொத்தச் சம்பளம் இல்லை. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகை. வீட்டு வாடகைப் படி, பயணப் படி, ஓ.டி., ஊக்கத் தொகை எதுவும் அதில் சேராது. எங்கள் சூப்பர்வைசருக்கு மொத்தச் சம்பளம் 26,000. "அவர் லிமிட்டைத் தாண்டிவிட்டார்" என்று பெயரை அடித்துவிட்டால் தப்பு. அவருடைய பேசிக்கும் டி.ஏ.வும் 19,500தான், ஆகவே அவருக்குப் போனஸ் உண்டு. பேசிக்கும் டி.ஏ.வும் மட்டுமே 23,000 வாங்கும் ஃபோர்மேனுக்குத்தான் சட்டப்படி கிடையாது.

30 நாள் கணக்கில், மஸ்டரில் "பி" என்று குறித்த நாட்களை மட்டும் எண்ணாதீர்கள். சம்பளத்துடன் எடுத்த விடுப்பு, சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு, வேலையில் அடிபட்டு வர முடியாமல் போன நாட்கள், லே-ஆஃப் நாட்கள் எல்லாம் வேலை செய்த நாட்களாகவே கணக்கில் வரும். பட்டியலை முடிப்பதற்கு முன் 30க்குக் கீழே இருப்பவர்களின் பெயரை மட்டும் தனியே எடுத்து, விடுப்பு ஏட்டோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். நாலைந்து பெயர்தான் இருக்கும்.

அப்ரெண்டிஸ் சட்டப்படி வரமாட்டார். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆட்களுக்குப் போனஸ் கொடுக்க வேண்டியவர் ஒப்பந்தக்காரர். அந்த வரியையும் நோட்டீஸில் போட்டுவிடுங்கள். அவர்களும் அதே போர்டைத்தான் படிக்கிறார்கள்.

தகுதி இழப்பு என்பது மிகக் குறுகலானது. மோசடி, தொழிற்சாலை வளாகத்துக்குள் கலவரமோ வன்முறையோ, நிறுவனப் பொருளைத் திருடியது, கையாடியது, நாசம் செய்தது ஆகியவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்குத்தான் போனஸ் இல்லை. அடிக்கடி லீவு போட்டார், சொல்லாமல் நின்றுவிட்டார், முதலாளியிடம் எதிர்த்துப் பேசினார் என்பதெல்லாம் காரணம் ஆகாது. "ஒழுங்காக வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும்" என்று எழுதச் சொல்லி முதலாளி நிற்பார். எழுதாதீர்கள். நிறைய நாள் வராதவருக்கு வாங்கிய சம்பளம் குறைந்திருக்கும், அதனால் போனஸும் தானாகவே குறைந்துவிடும். தனியாகத் தண்டிக்க வேண்டியதில்லை.

எதன் மேல் சதவீதம்

அந்தப் பத்துப் பேர் என் மேஜைக்கு வந்ததற்கு இந்த இடம்தான் காரணம். அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் 8.33. ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்றால் ஒரு மாதச் சம்பளம். "ஒரு மாசச் சம்பளம் போனஸ்" என்ற பேச்சு அங்கிருந்து வந்தது, அதுவரை தப்பில்லை. ஆனால் எந்தச் சம்பளம்? இங்கே இன்னொரு உச்சவரம்பு வருகிறது. ஒருவர் தகுதி பெற 21,000 வரை போகலாம். கணக்குப் போடும்போது மட்டும், மாதம் 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இதில் எது அதிகமோ அதுவே அவருடைய சம்பளம் என்று வைத்துக் கணக்கிட வேண்டும். அவர் வாங்குவது அதைவிடக் குறைவாக இருந்தால் வாங்குவதன் மேல்.

எல்லோரும் கேள்விப்பட்ட உதாரணம் ஒன்று இருக்கிறது. தமிழக அரசு பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவுப் பணியாளர்களுக்கு 2024, 2025 தீபாவளிகளுக்கு அறிவித்தது 20 சதவீதம்: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை. செய்தியில் கூடவே "அதிகபட்சம் 16,800 ரூபாய்" என்று வந்ததே, அது எங்கிருந்து வந்தது? 7,000ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 84,000, அதில் 20 சதவீதம் 16,800. சதவீதத்தையும் சொல்லி, அது எந்தத் தொகையின் மேல் என்பதும் தெரிந்தால் யாரும் போட்டுப் பார்க்கலாம்.

தனியார் தொழிலில் 7,000 அநேகமாக வேலைக்கு ஆகாது. குறைந்தபட்ச ஊதியம் அதைத் தாண்டிவிட்டது. உங்கள் தொழிலுக்கும் ஒவ்வொரு வேலைப் பிரிவுக்கும் உரிய தொகையை அரசு அறிவிக்கையில் பார்த்து எடுக்க வேண்டும். டி.ஏ. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். நீங்கள் எடுக்க வேண்டியது 2024-25க்கு இருந்த தொகை, இப்போது நடப்பில் இருக்கும் தொகை அல்ல. இங்கே கணக்கு எளிதாக இருப்பதற்காக எல்லோருக்கும் 11,600 என்று வைத்துக்கொள்கிறேன். இது உதாரணத்துக்கு நான் போட்ட எண்தான், உங்கள் தொகை வேறாக இருக்கும். சதவீதம், நிர்வாகம் முடிவு செய்த 10.

லேத் ஆபரேட்டருக்குப் பேசிக்கும் டி.ஏ.வும் 14,500. ஆனால் கணக்கில் வருவது 11,600. பன்னிரண்டு மாதத்துக்கு 1,39,200. பத்து சதவீதம் 13,920. அவர் அந்த ஆண்டில் 13 நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால், 26 நாள் மாதக் கணக்கில் அது அரை மாதம். பதினொன்றரை மாதத்துக்கு 1,33,400, போனஸ் 13,340.

2024 நவம்பர் 1ஆம் தேதி சேர்ந்த பேக்கிங் பெண்ணுக்குப் பேசிக்கும் டி.ஏ.வும் சரியாக 11,600. மார்ச் வரை ஐந்து மாதம், 58,000. போனஸ் 5,800.

19,500 வாங்கும் சூப்பர்வைசருக்கும் முழு ஆண்டுக்கு அதே 13,920தான். இது அவருக்குக் கசக்கும், நியாயமாகவே கசக்கும். உச்சவரம்பின் விளைவு அது. சில முதலாளிகள் அவருக்கும் ஃபோர்மேனுக்கும் தனியாக ஒரு தொகை கொடுப்பார்கள். கொடுக்கட்டும், ஆனால் அதைப் போனஸோடு கலக்காமல் "கருணைத் தொகை" என்று தனிப் பெயரில், தனிக் கடிதத்தில் கொடுங்கள். அந்தக் கடிதத்தில் "இந்த ஆண்டுக்கு மட்டும்" என்ற சொல் இருக்க வேண்டும். நாலைந்து வருஷம் தொடர்ந்து ஒரே மாதிரி கொடுத்துவிட்டு ஒரு வருஷம் நிறுத்தினால், இது வழக்கமாகிப்போன உரிமை என்று கேட்க அவர்களுக்கு இடமிருக்கிறது.

எக்ஸெல்லில் போடுவதாக இருந்தால், பேசிக்கும் டி.ஏ.வும் B பத்தியில், சம்பளம் பெற்ற மாதங்கள் (11.5 போல) C பத்தியில்:

```
=ROUND(MIN(B2,11600)*C2*10%,0)
```

ஆண்டின் நடுவில் இன்கிரிமென்ட் வாங்கியவருக்கு இந்த ஒற்றை வரி பொய் சொல்லும். இன்கிரிமென்ட்டுக்கு முன்னும் பின்னும் என்று அவருக்கு இரண்டு வரிசை போட்டுக் கூட்டுங்கள்.

எதைக் கழிக்கலாம்

போனஸிலிருந்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கக் கூடாது. வருமான வரி பொருந்துகிறவருக்குப் பொருந்தும். இவை போக, அதே ஆண்டின் கணக்கில் ஏற்கெனவே பூஜை போனஸ் என்றோ இடைக்காலமாகவோ கொடுத்திருந்தால் அதைக் கழிக்கலாம். அந்த ஆண்டில் தன் முறைகேட்டால் நிறுவனத்துக்கு நஷ்டம் உண்டாக்கியவரிடம் அந்த நஷ்டத்தை அந்த ஆண்டுப் போனஸில் கழிக்கலாம். கைமாற்றாகக் கொடுத்த அட்வான்ஸை மொத்தமாகப் போனஸில் பிடித்துக்கொள்வது பல பட்டறைகளில் நடக்கிறது. போனஸ் சட்டம் அதற்கு வழி கொடுக்கவில்லை. முழுப் போனஸும் அக்கவுண்டில் ஏறட்டும், அட்வான்ஸ் மாதச் சம்பளத்தில் தவணையாகக் கழியட்டும்.

என்றைக்கு

"தீபாவளிக்கு முன்" என்று எழுதினால் அது தேதி ஆகாது. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள். வெளியூர்க்காரர்கள் 17ஆம் தேதி வெள்ளி இரவே பஸ் ஏறிவிடுவார்கள். வடமாநிலத்துப் பையன்கள் இன்னும் முன்னதாகக் கிளம்புவார்கள். துணி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வேண்டும், அது 12ஆம் தேதி. அதற்கு முந்தைய நாள் இரண்டாவது சனி, வங்கி கிடையாது. ஆகவே 9ஆம் தேதி வியாழன் என்று வைத்தோம். ஏதாவது அக்கவுண்ட் நம்பர் தப்பாகிப் பணம் திரும்பினால் சரிசெய்ய வெள்ளிக்கிழமை ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த ஒரு நாள் இல்லாமல் தேதி வைத்தால், திரும்பி வந்த பணத்தோடு பண்டிகை முடிந்த பிறகுதான் அந்த ஆளைப் பார்ப்பீர்கள்.

அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 1, 2 தேதிகளில் ஆயுத பூஜையும் காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் வந்து வேலை நிற்கும். ஆட்சேபணைகளைச் செப்டம்பர் 27க்குள் முடித்துவிட வேண்டும். அப்படியானால் தனித்தனிக் கணக்குச் சீட்டு 22ஆம் தேதியும், நோட்டீஸ் 15ஆம் தேதியும் கைக்குப் போக வேண்டும். நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே மொத்தத் தொகையை முதலாளியிடம் காட்டி, 9ஆம் தேதி அவ்வளவு பணம் அக்கவுண்டில் இருக்குமா என்று கேட்டுவிடுங்கள். பார்ட்டியிடமிருந்து செக் வந்தால் கொடுத்துவிடலாம் என்று பதில் வந்தால், அந்தத் தேதியை நோட்டீஸில் போடாதீர்கள்.

நோட்டீஸ் இப்படி இருக்கலாம்

> அறிவிப்பு, நாள்: 15-9-2025
>
> பொருள்: 2024-25 கணக்கு ஆண்டுக்கான போனஸ்
>
> 1-4-2024 முதல் 31-3-2025 வரையிலான ஆண்டுக்கு 10 சதவீதம் போனஸ் வழங்கப்படுகிறது.
>
> அந்த ஆண்டில் 30 நாட்களோ அதற்கு மேலோ வேலை செய்து, பேசிக், டி.ஏ. இரண்டும் சேர்ந்து மாதம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் பெற்ற அனைவருக்கும் இது உண்டு. 31-3-2025க்குப் பிறகு வேலையை விட்டவர்களுக்கும் உண்டு. 1-4-2025 அன்றும் அதன் பிறகும் சேர்ந்தவர்களுக்கு அடுத்த ஆண்டு கணக்கிடப்படும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அவர்களுடைய ஒப்பந்ததாரர் வழங்குவார்.
>
> போனஸ், பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையின் மேல் மட்டும் கணக்கிடப்படும். அந்தத் தொகை மாதம் 11,600 ரூபாய்க்கு மேல் இருந்தால் 11,600 என்றே எடுத்துக்கொள்ளப்படும். சம்பளமில்லா விடுப்பு நாட்கள் கழிக்கப்படும்.
>
> உதாரணம்: முழு ஆண்டும் வேலை செய்தவருக்கு 11,600 × 12 = 1,39,200. அதில் 10 சதவீதம் 13,920 ரூபாய்.
>
> ஒவ்வொருவரின் கணக்குச் சீட்டும் 22-9-2025 அன்று தரப்படும். திருத்தம் இருந்தால் 27-9-2025 மாலை 5 மணிக்குள் கணக்குப் பிரிவில் எழுதிக் கொடுக்கவும். தொகை 9-10-2025 வியாழக்கிழமை வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும்.

உதாரண வரியை இடம் போதவில்லை என்று எடுத்துவிடாதீர்கள். நோட்டீஸில் மிக அதிகமாகப் படிக்கப்படுவது அதுதான். இந்தி பேசும் ஆட்கள் இருந்தால் பக்கத்திலேயே இந்தியில் ஒரு பிரதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்வதுதான் அவர்களுக்கு நோட்டீஸ். அதில் 21,000 போனஸ் தொகையாகிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

இனிமேல் கவனிக்க வேண்டியது

2025 நவம்பர் 21 முதல் 1965 சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 30 நாள், எட்டு மாதக் கெடு, 20 சதவீத உச்சம் எல்லாம் அதிலும் அப்படியே இருக்கின்றன. குறைந்தபட்சம் இப்போது எட்டும் மூன்றில் ஒரு பங்கும் சதவீதம். பழைய 8.33இல் 11,600க்கு ஐந்து ரூபாய் குறைந்து 11,595 வரும், இனி முழு 11,600 வரும். பாலியல் துன்புறுத்தல் வழக்கில் தண்டனை பெற்று வேலைநீக்கம் ஆனவரும் தகுதி இழக்கிறார்.

பெரிய மாற்றம் 'ஊதியம்' என்ற சொல்லின் பொருளில். படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். பேசிக்கும் டி.ஏ.வும் 8,000, படிகள் 14,000, மொத்தம் 22,000 என்று ஒருவருக்கு இருக்கட்டும். பாதி 11,000. படிகளில் கூடுதலாக இருக்கும் 3,000 ஊதியத்தில் ஏறி, அவருடைய ஊதியம் 11,000 ஆகும். பேசிக்கைக் குறைத்து வைத்த இடங்களில் போனஸ் இதனால் கூடும். தகுதிக்கான உச்சவரம்பை அரசு அறிவிக்கை மூலம் நிர்ணயிக்கும் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. அதனால் நோட்டீஸில் 21,000 என்று பழக்கத்தில் தட்டுவதற்கு முன் நடப்பு அறிவிக்கையைப் பாருங்கள். 2025-26 ஆண்டின் நடுவில்தான் சட்டம் மாறியது என்பதால், அந்த ஆண்டின் பட்டியலை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஒட்டுவது நல்லது. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. நவம்பர் 30க்கு மூன்று வாரம்தான் இடைவெளி, திருத்தங்களைத் தள்ளிப்போட இடமில்லை.

அப்புறம், ஜூன் மாதம் போனாரே, அவருடைய பழைய வங்கிக் கணக்கு மூடியிருந்தால் 9ஆம் தேதி அனுப்பிய பணம் 10ஆம் தேதி திரும்பி வரும். அவருடைய கடைசி முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போட்டு, புதுக் கணக்கு எண் கேளுங்கள். தபால் ரசீதைப் போனஸ் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.